பழுதுநீக்க மதிப்பெண் எதைச் சொல்கிறது?

கேள்வி: ஒரு போனுக்கு 10-க்கு 7 பழுதுநீக்க மதிப்பெண் என்றால், உள்ளே நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருளா?

போனைத் திறந்து, பாகத்தை மாற்றி, மறுபடி மூடுவது எவ்வளவு எளிது என்பதையே அந்த எண் சொல்கிறது. சாதனங்களைப் பிரித்துப் பார்த்து இந்த மதிப்பெண்ணைத் தரும் ஐஃபிக்சிட் நிறுவனம், பின்கண்ணாடியைத் தனியே கழற்ற முடிந்ததால் 2022-இல் ஐபோன் 14-க்கு 7 கொடுத்தது; 2023-இல் அதை 4 ஆகக் குறைத்தது. போனின் உள்ளமைப்பு மாறவில்லை; புதிய பாகத்தை ஆப்பிளின் மென்பொருள் ஏற்காவிட்டால் எச்சரிக்கை தோன்றும், சில வசதிகள் நின்றுபோகும் என்பதே காரணம். வீட்டுக் கதவு எளிதாகத் திறந்தாலும், புதிதாக மாட்டிய மின்விசிறி கட்டியவரின் அனுமதியின்றிச் சுழலாது என்பது போன்றது இது.

ஆகவே நான் எண்ணைவிட, போனைப் பிரித்துப் பார்த்த அறிக்கையின் படங்களையே நம்புவேன். பேட்டரி, இழுத்தால் உரிந்துவரும் நாடாவில் இருக்கிறதா, சூடாக்கி நெம்ப வேண்டிய பசையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி தேயும் சார்ஜிங் துளை தனிச் சிறு பலகையில் இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருந்தால் வேலை பெரிது.

குறைந்த மதிப்பெண் பெற்ற போன் உறுதியற்றது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தண்ணீரைத் தடுக்கும் விளிம்புப் பசையே பல போன்களில் திறப்பதைக் கடினமாக்கி மதிப்பெண்ணைக் குறைக்கிறது.