Bcc கட்டம் எங்கே போச்சு? கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து அலுவலகங்களில் கம்ப்யூட்டரும் மெயிலும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஒரு மெயில் யார் யாருக்குப் போகிறது என்பது மற்றவர்களுக்குத் தெரியாதபடி முகவரிகளைப் போடும் கட்டம்தான் Bcc. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ராணிப்பேட்டை, தோல் ஏற்றுமதி அலுவலகம்: அண்ணா, புது கம்ப்யூட்டர்ல அவுட்லுக் போட்டுக் கொடுத்தாங்க. New Email அழுத்தினா To, Cc மட்டும்தான் வருது, Bcc இல்ல. முப்பது பையருக்கு விலைப்பட்டியல் இன்னிக்கே போகணும்.

தம்பி, கட்டம் உள்ளேதான் இருக்கிறது. அவுட்லுக் அதை முதலில் மறைத்தே வைத்திருக்கும். பழைய கம்ப்யூட்டரில் யாரோ ஒருமுறை திறந்து விட்டிருப்பார்கள், அது அப்படியே நின்றிருக்கும்.

நீங்கள் வைத்திருப்பது பழைய வகை அவுட்லுக் என்றால், புது மெயில் விண்டோவின் மேலே Options என்ற தலைப்பைத் தொடுங்கள். மெயில் எழுதும் விண்டோவில் இருக்கும் Options அது. File-க்குள் இருக்கும் Options வேறு. பலர் தேடித் தேடிச் சலிப்பது இந்த இடத்தில்தான். அங்கே Show Fields என்ற பகுதியில் Bcc, From என்று இரண்டு பட்டன். Bcc-ஐ ஒருமுறை அழுத்தினால் Cc-க்குக் கீழே கட்டம் வந்துவிடும். இனி திறக்கும் புது மெயில் எல்லாவற்றிலும் இருக்கும். வேண்டாம் என்றால் அதே பட்டனை மறுபடி அழுத்த வேண்டும்.

விண்டோ குறுகலாக இருந்தால் அந்தப் பகுதி சுருங்கி ஒரே பட்டனாகிவிடும். முதலில் விண்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே பட்டன் வரிசையே இல்லாமல் தலைப்புகள் மட்டும் தெரிந்தால் Ctrl+F1 அழுத்துங்கள். எதுவும் தேடப் பொறுமையில்லை என்றால், To என்று எழுதியிருக்கும் பட்டனையே அழுத்துங்கள். முகவரிப் பட்டியல் திறக்கும். அதன் அடியில் To, Cc, Bcc மூன்றும் எப்போதும் இருக்கும்.

இனி அந்த முப்பது பேர். To-வில் உங்கள் அலுவலக முகவரியையே போடுங்கள், பையர்கள் எல்லாரும் Bcc-யில். முகவரிகளுக்கு நடுவே அரைப்புள்ளி போடுங்கள். காற்புள்ளி போட்டு ஒட்டினால் அவுட்லுக் வழக்கமாக ஏற்றுக்கொள்ளாது. அதற்கு File-க்குள் Options, Mail என்று போய்த் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். முப்பது பேருக்கும் விடுவதற்கு முன்னால் உங்கள் சொந்த ஜிமெயில் முகவரி ஒன்றை மட்டும் Bcc-யில் போட்டு அனுப்பிப் பாருங்கள். போனில் அந்த மெயிலைத் திறந்து, பெறுநர் விவரத்தை விரித்தால் To-வில் அலுவலக முகவரியும், Bcc-யில் உங்கள் ஒரு முகவரியும் மட்டும் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் பட்டியலை ஒட்டலாம். ஒரு பையரின் கண்ணில் இன்னொரு பையரின் முகவரி பட்டால் அதைத் திரும்பப் பெற வழி கிடையாது. அதனால்தான் இந்த ஒரு நிமிடச் சோதனையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

காட்பாடி: சார், மேலே சொன்னபடி செஞ்சேன், புது மெயில்ல வந்துடுச்சு. Reply பண்ணா மறுபடி காணோம்.

நீங்கள் பதிலை எங்கே எழுதுகிறீர்கள்? வந்த மெயில் தெரியும் அதே பக்கவாட்டுப் பகுதிக்குள் எழுதினால் தனி விண்டோ திறப்பதில்லை, Options தலைப்பும் வராது. பதிலின் மேல் மூலையில் Pop Out என்று சின்னதாக இருக்கும். அதைத் தொட்டால் பதில் தனி விண்டோவாகப் பிரியும், அப்புறம் அதே Options, அதே Bcc.

புதிய அவுட்லுக், அல்லது பிரவுசரில் திறக்கும் அவுட்லுக் என்றால் வழி வேறு. To வரியின் வலது ஓரத்திலேயே Bcc என்ற எழுத்து இருக்கும். எப்போதும் தெரிய வேண்டுமானால் Settings, Mail, Compose and reply என்று போய் Always show Bcc என்பதில் டிக் போடுங்கள்.

குடியாத்தம், பள்ளி ஆசிரியை: எனக்கு அவுட்லுக் எல்லாம் இல்லங்க. போன்ல ஜிமெயில்தான். பெற்றோருக்கு சுற்றறிக்கை அனுப்பணும்.

டீச்சர், To வரியின் வலது முனையில் கீழ்நோக்கிய அம்பு இருக்கும். தொட்டால் Cc, Bcc இரண்டும் விரியும். கம்ப்யூட்டரில் என்றால் To கட்டத்துக்குள் ஒரு கிளிக், வலது பக்கம் எழுத்துகள் வரும், இல்லாவிட்டால் Ctrl+Shift+B. ஒவ்வொரு மெயிலுக்கும் இப்படித்தான் திறக்க வேண்டும், நிரந்தரமாக வைக்க ஜிமெயிலில் வழி இல்லை. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு மெயிலுக்கு 500 பேர் என்பது எல்லை, Bcc-யில் இருப்பவர்களும் அதில் சேர்த்திதான். பள்ளி முழுவதற்கும் என்றால் வகுப்பு வாரியாக, நாளைப் பிரித்து அனுப்புங்கள்.

ஆம்பூர்: இதுல என்ன பெரிய விஷயம்? Bcc-ல போட்டா யாருக்கும் எப்பவும் தெரியாது. நான் கஸ்டமருக்கு அனுப்பற எல்லா மெயில்லயும் எங்க முதலாளியை Bcc-ல போட்டுடறேன்.

பாதி சரி. கஸ்டமருக்குப் போகும் மெயிலில் முதலாளி பெயர் இருக்காது, அது உண்மை. ஆனால் முதலாளி அந்த மெயிலுக்கு Reply All அழுத்தினால் அவர் பதில் நேராகக் கஸ்டமருக்குப் போகும். இத்தனை நாளாக அவர் படித்துக்கொண்டிருந்தார் என்பது அந்த நொடியில் வெளியாகிவிடும். அனுப்பி முடித்த பிறகு, Sent Items-இலிருந்து அந்த மெயிலை முதலாளிக்குத் தனியாக Forward செய்யுங்கள். அவர் எதை அழுத்தினாலும் உங்களிடம்தான் வரும்.

வாலாஜாபேட்டை: மறைஞ்ச முகவரியைக் காட்டறதுன்னு சொல்றீங்களே, எனக்கு வந்த ஒரு மெயில்ல வேற யார் யாருக்குப் போச்சுன்னு பார்க்க எந்த பட்டன் அண்ணா?

அப்படி ஒரு பட்டன் இல்லை. மேலே சொன்னது எல்லாம் நீங்கள் எழுதும் விண்டோவில் காலியாக இருக்கும் கட்டத்தைக் காட்டுவது. வந்த மெயிலில் மற்றவர்களின் Bcc முகவரிகள் சேர்ந்து வருவதே இல்லை. யாரிடம் சேர்க்க வேண்டும் என்ற பட்டியலை அனுப்புபவரின் மெயில் புரோகிராம் சர்வரிடம் தனியாகச் சொல்லிவிடும். கடிதத்தின் மேல் எழுதாது. அதனால் View Source வரை போய்த் தேடினாலும் கிடைக்காது. அனுப்பியவரின் Sent-இல் மட்டும் இருக்கும். அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆற்காடு: அண்ணா, எங்க ஆபீஸ்ல நாலு கம்ப்யூட்டர். மூணுல Bcc நிக்குது. ஒண்ணுல மட்டும் தினமும் காலையில மறைஞ்சு போகுது. அதே பழைய அவுட்லுக்தான்.

இது எனக்கும் இன்னும் பிடிபடவில்லை. Bcc மட்டும்தான் மறைகிறதா, இல்லை, எழுத்தின் அளவு, கையெழுத்து போன்ற மற்ற அமைப்புகளும் காலையில் பழையபடி ஆகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் மாறினால் அந்த மெஷினில் விண்டோஸ் பயனர் கணக்கே அமைப்புகளைச் சேமிக்காமல் விடுகிறது என்று சந்தேகப்படலாம். Bcc மட்டும் என்றால், அந்தக் கம்ப்யூட்டரில் வேறு யாராவது ஷிஃப்டில் உட்கார்ந்து அதே பட்டனை அழுத்திவிடுகிறார்களா என்று கேளுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை To பட்டன் வழியாகப் பட்டியலைத் திறந்து Bcc போட்டுக்கொள்ளலாம், அந்த வழி மறையாது.