கெட்டில் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தால் விஷமாகுமா?

கேள்வி: எங்கள் ஆபீஸில் ஒன்றரை லிட்டர் எலக்ட்ரிக் கெட்டில் இருக்கிறது. காலையில் ஊற்றிய தண்ணீரையே சாயங்காலம் வரை ஏழெட்டுத் தடவை கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். இப்படிச் செய்தால் ஆர்செனிக், நைட்ரேட், ஃப்ளோரைடு எல்லாம் சேர்ந்து விஷமாகிவிடும் என்று வாட்ஸப்பில் வந்தது, நிஜமா? வீட்டில் அம்மா, இருபது நிமிஷம் கொதித்தால்தான் கிருமி சாகும் என்கிறார். கெட்டில் பட்டென்று ஆஃப் ஆகிவிடுகிறதே, அது போதுமா?

பதில்: கெட்டில் ஆஃப் ஆகும் வரை கொதித்தால் போதும், இருபது நிமிஷம் தேவையில்லை. விஷம் விஷயத்தில், வாட்ஸப் செய்தியில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளி எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதை வாயால் வாதாடி முடிக்கவே முடியாது.

தண்ணீர் ஆவியாகும்போது நீர் மட்டும்தான் போகிறது, அதில் கரைந்திருக்கும் உப்புகள் கெட்டிலிலேயே தங்கிவிடுகின்றன. ஃப்ளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் மூன்றும் இப்படித் தங்கும் ரகம்தான். ஆக, அடர்த்தி கூடுவது உண்மை. ஆனால் கொதிப்பதால் புதிதாக எதுவும் உருவாவதில்லை, ஊற்றிய தண்ணீரில் இல்லாத ஆர்செனிக் நூறு தடவை கொதித்தாலும் வராது. எத்தனை சதவீதம் கூடுகிறது என்பதுதான் கேள்வி, அது எவ்வளவு நீர் ஆவியாகப் போனது என்பதைப் பொறுத்தது.

உங்கள் கெட்டில் 1500 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் கொதிநிலைக்கு வந்த பிறகு அந்தச் சூடு முழுவதும் ஆவியாக்குவதற்கே போனாலும் ஒரு விநாடிக்கு முக்கால் மில்லிகூடப் போகாது. கொதி வந்து சுவிட்ச் விழ இருபத்தைந்து விநாடி என்றால் பதினாறு, பதினேழு மில்லி, அதற்கு முன்னால் சூடேறும்போது போவதையும் தாராளமாகச் சேர்த்து ஒரு கொதிக்கு 20 மில்லி என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றரை லிட்டரை யாரும் தொடாமல் எட்டுத் தடவை கொதிக்க வைத்தால் 160 மில்லி போய் 1340 மில்லி மிஞ்சும், உப்புகளின் அடர்த்தி 12 சதவீதம் கூடும். கரைந்த உப்புகளின் மொத்த அளவைச் சொல்லும் டிடிஎஸ் காலையில் 500 என்றால் சாயங்காலம் 560. பக்கத்துத் தெரு போர்வெல்லுக்கும் உங்கள் போர்வெல்லுக்கும் இருக்கும் வித்தியாசமே சில சமயம் இதைவிடப் பல மடங்கு இருக்கும்.

சரி, ஆபீஸ் கெட்டிலை யாரும் தொடாமல் விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் எடுத்துக் குடித்துவிட்டு, குறைந்ததற்குப் புதுத் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறீர்கள் என்றால் உப்பு சேர்ந்துகொண்டே போகும் என்று தோன்றும், போகாது. நீங்கள் ஊற்றும் 1020 மில்லியில் உள்ள உப்பும், குடித்த ஒரு லிட்டரில் வெளியே போன உப்பும் சீக்கிரமே சமமாகிவிடும். எத்தனை நாள் ஓட்டினாலும் ஊற்றும் தண்ணீரைவிட 2 சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். குடிப்பவர்களே உப்பை வெளியே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்! இதற்கு நேர் எதிர், வீட்டில் இட்லிப் பானை. அதில் தண்ணீர் ஆவியாக மட்டுமே வெளியேறுகிறது, நாம் மேலே மேலே ஊற்றுகிறோம், அதனால் அடித் தண்ணீரில் உப்பு சேர்ந்துகொண்டேதான் போகும். பானையின் உள்ளே வெள்ளை வளையம் கட்டுவது அதனால்தான், நல்லவேளை அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை.

கவனிக்க வேண்டிய ஒரே நிலைமை, கெட்டிலின் அடியில் ஒரு டம்ளர் அளவு கிடப்பதையே திரும்பத் திரும்பக் கொதிக்க விடுவது. ஒன்றரை லிட்டரில் 20 மில்லி போனால் ஒன்றுமில்லை, 250 மில்லியில் ஐந்து தடவை 20 மில்லி போனால் மிஞ்சுவது 150, அதாவது அடர்த்தி ஒன்றுக்கு ஒன்றேமுக்காலை நெருங்கிவிடும். ஊற்றிய தண்ணீர் நல்லதாக இருந்தால் அதுவும் விஷமில்லை, வாயில் வைத்தால் சப்பென்றோ கரிப்பாகவோ இருக்கும். ஏற்கெனவே எல்லையில் நிற்கும் தண்ணீர் என்றால்தான் பிரச்சினை. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 1 இருந்த தண்ணீர் இப்படிச் சுண்டினால் அந்த மேல் எல்லையைத் தாண்டிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறை விழுவதும் எலும்பு பாதிப்பதும் அங்கே பழைய கதை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அப்படிப்பட்ட ஊரில் போர்வெல் தண்ணீரை ஒரே ஒரு தடவை கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு குறையாது என்பதுதான் நிஜமான சேதி. எத்தனை தடவை கொதித்தது என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிடத் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்ப்பது உருப்படியான வேலை.

நைட்ரேட்டுக்கும் இதே கதைதான், எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதிகமானால் முதலில் பாதிக்கப்படுவது பால் பவுடர் கரைத்துக் கொடுக்கும் சில மாதக் குழந்தைகள், அவர்கள் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உதடு, நகம் நீலம் பாரிக்கும். அதனால் குழந்தைக்குப் பால் கரைக்க மட்டும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து ஒரு தடவை கொதிக்க வைத்து எடுங்கள். பெரியவர்கள் டீக்கு இந்தக் கண்டிப்பு வேண்டாம்.

அப்புறம் அந்த வெள்ளைப் படிவம். கெட்டில் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் கட்டுவதைப் பார்த்துத்தான் பலருக்கு விஷ பயமே வருகிறது. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது, அதாவது சுண்ணாம்புக்கல். கெட்டிலில் ஒட்டியது தண்ணீரில் இருந்து கழன்ற பங்கு, எனவே அந்த அளவுக்குத் தண்ணீர் லேசாகத்தான் ஆகிறது. என் வீட்டு போர்வெல் தண்ணீரில் இதைச் செய்து பார்த்தேன்: டிடிஎஸ் மீட்டரில் 820 காட்டியதை ஐந்து தடவை கொதிக்க வைத்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டு மறுபடி பார்த்தால் 790. நீர் ஆவியாகியும் எண் குறைந்திருக்கிறது, ஏனென்றால் ஆவியால் கூடியதைவிடப் படிவமாக இறங்கியது அதிகம். இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, சூடான தண்ணீரில் மீட்டரை விட்டுவிடாதீர்கள். சூட்டில் மின்சாரம் நன்றாகக் கடத்தும், மீட்டர் தாறுமாறாக ஏற்றிக் காட்டும், அதைப் படம் பிடித்துப் பரப்பினால் இன்னொரு வாட்ஸப் செய்தி தயார். படிவத்தை எடுக்க எலுமிச்சம்பழம் இரண்டைப் பிழிந்து தண்ணீரோடு கொதிக்க வைத்து அரை மணி நேரம் ஊறவிட்டால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும்.

இனி அம்மாவின் இருபது நிமிஷம். கிருமி சாக நூறு டிகிரியே வேண்டியதில்லை. பாக்கெட் பாலைப் பதப்படுத்தும் வழக்கமான முறையில் 72 டிகிரியில் 15 விநாடிதான் வைக்கிறார்கள். காலரா, டைஃபாய்டு பாக்டீரியா, குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணி எல்லாம் எழுபதைத் தாண்டியதுமே சாகத் தொடங்கிவிடும், தண்ணீர் எழுபதிலிருந்து நூறுக்கு ஏறும் அந்த ஓரிரு நிமிஷத்திலேயே வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பிறகு ஏன் கொதிக்கச் சொல்கிறார்கள்? நம்மிடம் அடுப்படியில் தெர்மாமீட்டர் இல்லை, கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிஷம் என்பது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி சொல்லும் கணக்கு, கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிஷம். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அந்தக் கூடுதல் இரண்டு நிமிஷம். அந்த ஒரு நிமிஷமே பத்திரத்துக்குச் சேர்த்ததுதான், கெட்டில் மூடியோடு தொண்ணூறுக்கு மேல் சில நிமிஷம் நிற்கும் என்பதால் ஆஃப் ஆனதும் பத்து நிமிஷம் திறக்காமல் விட்டால் சமவெளியில் கணக்கு சரியாகிவிடும்.

அடுப்பில் வைப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாத்திரத்தின் அடியில் முதலில் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிக் குமிழிகள் கொதி அல்ல, கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது, அப்போது தண்ணீர் அறுபது டிகிரிகூட இருக்காது. கரண்டியால் கலக்கினாலும் அடங்காமல் பெரிய குமிழிகள் மேலே வந்து உடைந்தால்தான் கொதி. எலக்ட்ரிக் கெட்டிலில் இந்தச் சந்தேகமே இல்லை, ஆவி போய் ஒரு சின்ன உலோகத் தகட்டைச் சுட்டு வளைத்தால்தான் சுவிட்ச் விழும். மூடியைத் திறந்து வைத்தால் ஆவி அங்கே போகாமல் கெட்டில் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும், அப்போது உப்பும் வீணாக ஏறும், கரண்டும் போகும். 80 டிகிரி என்று வைத்துக்கொள்ளும் வகைக் கெட்டிலில் கிருமிக்காகக் கொதிக்க வைப்பதென்றால் மட்டும் அந்த பட்டனை நூறுக்கு மாற்றிவிடுங்கள்.

அம்மா இருபது நிமிஷம் வைத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, கேஸ்தான் வீண். திறந்த பாத்திரத்தில் மூன்று லிட்டர் வைத்தால் அரை லிட்டருக்கு மேல் ஆவியாகிவிடும், கெட்டிலில் எட்டுத் தடவையில் கூடியதைவிட அதிகமாக ஒரே தடவையில் அடர்த்தி கூடும் என்று வேண்டுமானால் அவரிடம் சொல்லிப் பாருங்கள். கலங்கல் தண்ணீராக இருந்தால் தெளியவிட்டு, வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டிவிட்டுக் கொதிக்க வையுங்கள். ஆறிய தண்ணீரை மூடி வைத்து ஒரு நாளுக்குள் குடித்துவிடுங்கள், கைப்பிடி இல்லாத டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாமல் சாய்த்து ஊற்றுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் குளோரின் மிச்சமிருக்காது, விரல் நுனியில் இருந்து ஒரு கிருமி இறங்கினால் அதைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை.