தாய்க்குத் தலசீமியா, தந்தைக்கு அரிவாள் செல்: குழந்தைக்கு என்ன ஆகும்?

கேள்வி: எனக்குத் தலசீமியா மைனர், என் கணவருக்கு சிக்கிள் செல் கேரியர் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய், ஆளுக்கு ஒன்றுதான் இருக்கிறது, குழந்தைக்கு ஒன்றும் வராது என்கிறார்கள். இப்போது 9 வாரம். ஊர் தக்கலை. பயப்பட வேண்டுமா?

பதில்:

உங்களுக்கு அப்படிச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் குலசேகரம் பக்கம். எனக்கும் தலசீமியா மைனர்தான். என் கணவரின் குடும்பம் கூடலூரிலிருந்து வந்தது. நீலகிரி, வயநாடு பகுதிகளில் அரிவாள் செல் மரபணு பரவலாக உண்டு. எங்கள் மகனுக்கு இப்போது 9 வயது. அவனுக்கு இருப்பது இரண்டும் சேர்ந்த சிக்கிள் பீட்டா தலசீமியா.

பெயர்தான் இரண்டு, பழுது ஒரே மரபணுவில். ரத்தத்தின் ஹீமோகுளோபினில் பீட்டா என்றொரு பகுதி இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நம் எல்லோரிடமும் இரண்டு இருக்கும். உங்களிடம் உள்ள இரண்டில் ஒன்று பீட்டாவைக் குறைவாக உண்டாக்குகிறது, அல்லது உண்டாக்குவதே இல்லை. உங்கள் கணவரிடம் உள்ள ஒன்று வடிவம் மாறிய பீட்டாவை உண்டாக்குகிறது. இருவருக்கும் மற்றொன்று நன்றாக இருப்பதால் நோய் தெரியவில்லை. பழுதான இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர்ந்துவிட்டால், ஈடுகட்ட நல்லது ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் இதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கில் ஒன்று முழு நலம். மீதி இரண்டு பங்கு, உங்களில் ஒருவரைப் போல வெறும் கேரியர். முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

எங்களுக்கு இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். மகனுக்கு 11 மாதம். ஒரு நாள் காலையில் இரண்டு புறங்கைகளும் பன் போல வீங்கியிருந்தன. தொட்டால் அலறினான். பூச்சி கடித்திருக்கும் என்று மாமியார் மஞ்சள் பூசினார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த ஒரு மருத்துவர், இது முழு அரிவாள் செல் நோய், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தது என்று எழுதிவிட்டார். எனக்குப் பரிசோதித்தால் அரிவாள் செல் இல்லை. அப்படியானால் பிள்ளை யாருடையது என்று வீட்டில் ஒருவர் கேட்ட கேள்வியை இன்னும் நான் மறக்கவில்லை. பீட்டா அறவே உருவாகாத வகைத் தலசீமியா அரிவாள் செல்லோடு சேரும்போது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி பரிசோதனையின் அறிக்கை முழு அரிவாள் செல் போலவே இருக்கும். சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியவையாக இருப்பதும், ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு கூடியிருப்பதும்தான் துப்பு. அதை உறுதிசெய்ய பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். என்னுடைய ஏ2 5.2 சதவீதம், 3.5க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். ஆனால் எனக்கோ, ரத்தசோகை என்று பள்ளிக் காலத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரைதான் கொடுத்திருந்தார்கள்.

வலி வரும் நாட்களைப் பற்றியும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். சிவப்பணுக்கள் வளைந்து விறைத்துச் சிறு குழாய்களை அடைக்கும்போது எலும்புக்குள் வலி எழும். குளிர், நீர் குறைதல், காய்ச்சல் ஆகியவை அதைத் தூண்டும். ஒரு முறை திற்பரப்பு அருவியில் பத்து நிமிடம் நின்றான். இரவு பன்னிரண்டு மணிக்குத் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு கத்தினான். இப்போது வலி தொடங்கியதும் வெதுவெதுப்பான நீர் நிறையக் குடிக்கவைத்து, எழுதித் தந்த அளவில் பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் கொடுப்போம். அடங்கவில்லை என்றால் மருத்துவமனைதான். அங்கே மார்ஃபின் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்குத் தயங்கக் கூடாது. 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் தளர்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் கிடையாது, உடனே கிளம்ப வேண்டும். மண்ணீரல் சரியாக வேலை செய்யாததால் இந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். அதனால்தான் 5 வயது வரை தினமும் இருவேளை பென்சிலினும், நியூமோகாக்கஸ் தடுப்பூசியும்.

ரத்தம் ஏற்றுவதில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். வலியில் துடித்த பிள்ளையைப் பார்த்து, ரத்தம் ஏற்றுங்கள் என்று நான் கெஞ்சினேன். அவனுக்கு அன்று ஹீமோகுளோபின் 8.2, வழக்கமாகவே அவனுக்கு 8.5தான். வலிக்கு ரத்தம் மருந்தல்ல, 10க்கு மேல் ஏற்றினால் ரத்தம் தடித்து அடைப்பு கூடும் என்று மருத்துவர் விளக்கினார். 2 வயதில் வந்தது வேறு. திடீரென வெளுத்துச் சோர்ந்தான், இடது விலாவுக்குக் கீழே கல் போல ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. உடலின் ரத்தமெல்லாம் மண்ணீரலில் தேங்கிவிட்டது, ஹீமோகுளோபின் 4. அப்போது ஏற்றியே ஆக வேண்டும். அதிலும் 10 கிலோ எடைக்கு முதலில் 50 மில்லிதான் ஏற்றினார்கள், ஏனென்றால் தேங்கிய ரத்தம் பிறகு திரும்பி வரும். அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டும்போதெல்லாம் என் நான்கு விரல்கள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கும். ஜமைக்காவில் தாய்மாருக்கு இதைக் கற்றுக்கொடுத்த பிறகு இந்த வகை இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் தலசீமியா மரபணு வந்த தலசீமியா மேஜர் பிள்ளைகளின் நிலை வேறு. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சேரும் இரும்பை வெளியேற்ற மாத்திரையும் வேண்டும். என் மகனுக்கு ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து தொடங்கிய பிறகு வலி ஆண்டுக்கு ஓரிரு முறையாகக் குறைந்திருக்கிறது.

இனி உங்கள் விஷயம். எல்லாக் குழந்தைக்கும் நோய் ஒரே அளவில் இருப்பதில்லை. உங்கள் தலசீமியா எந்த வகை என்பதைப் பொறுத்து அது கடுமையாகவோ லேசாகவோ இருக்கலாம். ஆகவே முதலில் உங்கள் இருவரின் மரபணு மாற்றம் இன்னதென்று ரத்தத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் கருவில் எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். பிறகு 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். அது தவறினால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில் பார்க்கலாம். கரு கலையும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. வேலூர் சிஎம்சியில் இந்தச் சோதனை பல ஆண்டுகளாக நடக்கிறது. இரண்டாவது கர்ப்பத்தில் நான் செய்துகொண்டேன். மகள் என்னைப் போலக் கேரியர். முடிவு வேறாக வந்திருந்தால் என்ன செய்வது என்பதைச் சோதனைக்கு முன்பே நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். அதை மாமியாரோ மருத்துவரோ முடிவு செய்ய முடியாது; கர்ப்பத்தைத் தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் உரிமை. ஆனால் சட்டத்தில் வாரக் கணக்கு உண்டு, நாட்களை வீணாக்காதீர்கள்.

திங்கட்கிழமையே மகப்பேறு மருத்துவரிடம் இருவரின் எச்பிஎல்சி அறிக்கைகளையும் காட்டி, மரபணு ஆலோசனைக்குக் கடிதம் கேளுங்கள். கணவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள், அவருடைய ரத்த மாதிரி இல்லாமல் பாதி விவரம்தான் கிடைக்கும்.