ஓ.டி.பி. சொன்னேன், போன் வரவில்லை: இனி என்ன செய்வது?

“ஐயா, ஆன்லைனில் 23,499 ரூபாய்க்கு ஒரு போன் ஆர்டர் போட்டு, கிரெடிட் கார்டில் முழுப் பணமும் கட்டிவிட்டேன். செவ்வாய் மதியம் நான் அம்பத்தூரில் ஆபீசில் இருந்தபோது டெலிவரி பையன் கூப்பிட்டு, ‘சார், உங்க தெருமுனைல நிக்கிறேன், உள்ள வந்தா டவர் கிடைக்காது, ஓ.டி.பி.ய இப்பவே சொல்லிடுங்க’ என்றான். சொல்லிவிட்டேன். மறுநிமிடமே டெலிவரி முடிந்தது என்று மெசேஜ் வந்தது. ஆவடி வீட்டில் அம்மா இருந்தார், யாருமே வரவில்லை. திருப்பிக் கூப்பிட்டால் அந்த நம்பர் போகவில்லை. கஸ்டமர் கேரில், ‘ஓ.டி.பி. நீங்களே கொடுத்துவிட்டீர்கள், ஆர்டர் க்ளோஸ் ஆகிவிட்டது’ என்கிறார்கள். இன்று வெள்ளி. என் பணம் போனது போனதுதானா?”

போகவில்லை. ஆனால் இந்த மூன்று நாளில் நீங்கள் ஆப்பில் எதை அழுத்தினீர்கள் என்பதைப் பொறுத்து, வேலை சுலபமாகவோ கஷ்டமாகவோ இருக்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் சட்டம். சரக்கு விற்பனைச் சட்டம் 1930, ‘டெலிவரி’ என்றால் என்ன என்று ஒரே வரியில் சொல்கிறது: ஒருவர் கையில் இருக்கும் பொருள் விருப்பத்தோடு இன்னொருவர் கைக்கு மாறுவது. கை மாற வேண்டும், அவ்வளவுதான். நாலு அல்லது ஆறு இலக்க எண் ஒன்று அவர்களுடைய மெஷினில் ஏறியது என்பது, பொருள் கை மாறியிருக்கலாம் என்பதற்கு ஒரு சாட்சியம். கை மாறியதற்கு அது ஈடாகாது. பேப்பர் காலத்தில் கூரியர்காரர் நீட்டிய நோட்டில் முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் கவர் வரவில்லை என்றால் என்ன நிலைமையோ, அதேதான் இதுவும். கையெழுத்து உங்களுக்கு எதிராகப் பேசும், ஆனால் அது கடைசி வார்த்தை இல்லை.

உங்கள் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் தொடுவார். ஓ.டி.பி. வந்த அந்த எஸ்.எம்.எஸ்.ஸை எடுத்துப் படித்துப் பாருங்கள். பொருளைக் கையில் வாங்கிய பிறகே இந்த எண்ணைச் சொல்லுங்கள் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அதைப் படிக்காமல் சொன்னது உங்கள் அஜாக்கிரதை, மறைக்க வேண்டாம். ஆனால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கியவர் யார்? கம்பெனி அனுப்பிய ஆள். பொருளைக் கொடுக்காமல் எண்ணை வாங்கக் கூடாது என்ற விதி அவருக்கும் உண்டு. தான் அனுப்பிய ஆள் விதியை மீறியதை வைத்தே கம்பெனி தப்பித்துக்கொள்வது, நுகர்வோர் சட்டத்தின் பாஷையில் சேவைக் குறைபாடு.

நானும் ஒருமுறை கோர்ட் வராந்தாவில் நின்றபடி இரண்டு கிலோ அரிசிக்கு ஓ.டி.பி. சொல்லியிருக்கிறேன், அதனால் உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அரிசி வந்து சேர்ந்தது. பெரும்பாலும் வந்துவிடும், அந்தப் பழக்கத்தில்தான் எல்லோரும் சொல்லிவிடுகிறோம்.

சரி, ஆப் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டர் க்ளோஸ் ஆனதும் உங்களுக்குப் பளிச்சென்று தெரியும் பொத்தான் ‘ரிட்டர்ன்’. பதற்றத்தில் பலர் அதை அழுத்திவிடுகிறார்கள். அழுத்தினால், பொருள் என்னிடம் இருக்கிறது, திருப்பித் தருகிறேன் என்று நீங்களே சொன்னதாகப் பதிவாகும். அப்புறம் எடுத்துப்போக ஆள் வருவார், கொடுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது, ‘வாடிக்கையாளர் பொருளைத் தரவில்லை’ என்று இன்னொரு பதிவு ஏறும். ‘தவறான பொருள் வந்தது’ என்பதையும் தொடாதீர்கள். உதவிப் பகுதிக்குள் போய், டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது ஆனால் பொருள் வரவில்லை என்ற பிரிவைத் தேடிப் புகாரைப் பதியுங்கள். ஏற்கெனவே ரிட்டர்ன் போட்டிருந்தால் இன்றே ரத்து செய்து, தவறுதலாகப் போட்டேன் என்று சாட்டில் எழுதி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அந்த நம்பர் போகவில்லை என்றதும் பையன் போனை அணைத்துவிட்டு ஓடிவிட்டான் என்று முடிவு கட்டாதீர்கள். டெலிவரி அழைப்புகள் பெரும்பாலும் கம்பெனியின் இடைநம்பர் வழியாக வரும், உங்கள் நம்பர் அவருக்கும் அவர் நம்பர் உங்களுக்கும் தெரியாதபடி. ஆர்டர் க்ளோஸ் ஆனதும் அந்த இணைப்பும் அறுந்துவிடும். இது உங்களுக்கு நல்லதுதான். அந்த அழைப்பு கம்பெனியின் கணினி வழியாகப் போயிருந்தால், எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி என்ற விவரம் அவர்களிடமே இருக்கும்.

இப்போது உங்கள் கால் ஹிஸ்டரியையும் மெசேஜையும் திறந்து இரண்டு நேரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அழைப்பு 2:11-க்கு வந்து 50 விநாடி நீடித்தது, எஸ்.எம்.எஸ்.ஸில் இருந்த ஓ.டி.பி.யைச் சொன்னீர்கள், 2:13-க்கு டெலிவரி முடிந்ததாக மெசேஜ் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் நீங்கள் அம்பத்தூரில் இருந்ததற்கு ஆபீஸ் வருகைப் பதிவு போதும். அந்த இரண்டு நேரங்களையும் வருகைப் பதிவையும் அடுத்தடுத்து வைத்தாலே கதை விளங்கிவிடும்: எண்ணைச் சொன்னவர் ஓரிடம், முகவரி வேறிடம், போனில் எண் சொன்ன கையோடு ஆர்டர் முடிந்திருக்கிறது. ‘அம்மாவிடம் கொடுத்தேன்’ என்று அவர்கள் சொன்னால், யாரும் வரவில்லை என்று அம்மா ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம். தெருவில் எதிர்வீட்டிலோ கடையிலோ கேமரா இருந்தால் இன்று மாலையே போய்க் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதிது ஏறி அழிந்துவிடும், பல இடங்களில் ஒரு வாரம் பத்து நாள்தான் தாங்கும்.

இதையெல்லாம் வைத்து எழுத வேண்டியது கஸ்டமர் கேருக்கு இல்லை, குறைதீர்ப்பு அதிகாரிக்கு. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020-ன்படி ஒவ்வொரு ஆன்லைன் விற்பனைத் தளமும் அப்படி ஒருவரை நியமித்து, பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மெயிலை நீட்ட வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

“என் ஆர்டர் இந்த எண். இந்தத் தேதி 2:11-க்கு உங்கள் டெலிவரி ஊழியர் அழைத்து, பொருளைக் கொடுக்காமலே ஓ.டி.பி. பெற்று 2:13-க்கு ஆர்டரை முடித்துவிட்டார். பொருள் எனக்கோ என் வீட்டில் எவருக்குமோ வரவில்லை. ஆர்டர் முடிக்கப்பட்டபோது ஊழியர் இருந்த ஜி.பி.எஸ். இடம், என்னுடன் பேசிய அழைப்பின் பதிவு, பொருளை ஒப்படைத்த புகைப்படம் இருந்தால் அது, இவற்றை அழிக்காமல் வைத்து எனக்கு நகல் தரவும். 23,499 ரூபாயைத் திருப்பித் தரவும்.”

கடைசிக்கு முந்தின வாக்கியம்தான் இதில் முக்கியம். அவர்கள் தரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டும் தரவில்லை என்பது பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்கு உதவும். ஜி.பி.எஸ். உங்கள் தெருவிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளிக் காட்டினால், அந்த ஓ.டி.பி.க்கு அப்புறம் என்ன மதிப்பு?

கூடவே வங்கிக்கும் எழுதுங்கள். கிரெடிட் கார்டு என்பதால், பொருள் வரவில்லை என்ற காரணத்தில் ‘டிஸ்ப்யூட்’ எழுப்பலாம். இதற்குக் காலக்கெடு உண்டு, அடுத்த ஸ்டேட்மென்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வங்கியிடம் ‘எனக்குத் தெரியாமல் பணம் எடுத்துவிட்டார்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், பணம் கட்டியது நீங்கள்தான். பேமென்ட் ஓ.டி.பி. வேறு, டெலிவரி ஓ.டி.பி. வேறு. இரண்டையும் குழப்பி, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அடித்துவிட்டு, தவறான புகார் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எஸ்.எம்.எஸ். வங்கியிடமிருந்து வந்தது என்றால் மட்டும் கதை வேறு, அப்போது 1930-தான் முதல் போன்.

போலீஸ்? போன் என்பதால் போகச் சொல்வேன், அரிசியாக இருந்தால் சொல்லமாட்டேன். உங்கள் பில்லில் அந்தப் போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதைக் குறிப்பிட்டு ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ‘இது சிவில் மேட்டர்’ என்று சொல்லிப் பார்ப்பார்கள், உடனே எப்.ஐ.ஆர். கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம், சி.எஸ்.ஆர். போதும். அந்தப் போனில் யாராவது சிம் போட்டால் போலீசால் தடம் பிடிக்க முடியும். புகார் நகலும் பில்லும் இருந்தால் ceir.gov.in தளத்தில் அந்த எண்ணை முடக்கவும் கோரலாம். ஆனால் பொருளைத் தேடுகிறோம் என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருந்தால் முடக்குவதற்கு நாலு நாள் பொறுங்கள், முடக்கிய போன் நாளை உங்கள் கைக்கே வந்தால் திறக்க அலைய வேண்டும்.

குறைதீர்ப்பு அதிகாரி அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்களால் உத்தரவு போட முடியாது, கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். இந்தத் தொகைக்கு நிறையப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, விதிமுறையில் அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்று இருக்கிறது என்று பயமுறுத்துவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ போடலாம், ஆகவே திருவள்ளூரும் சரி, சென்னையும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை (என் தொழிலுக்கு ஆகாத வாக்கியம்தான்). இரண்டு வருடக் கெடு இருக்கிறது. விற்பனையாளர், தளம், டெலிவரி நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் அது, மூன்றையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் வராத அவரைக் கைகாட்டுவார். ‘நாங்கள் வெறும் இடைத்தளம்’ என்று தளம் சொல்லும், டெலிவரியும் அவர்கள் ஆளே செய்திருந்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். சட்டத்தில் மூன்று மாதம் என்று இருந்தாலும் நடைமுறையில் அதைவிட இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

பெட்டி வந்து, ஓ.டி.பி. சொன்ன பிறகு திறந்து பார்த்தால் உள்ளே சோப்பு இருந்தது என்பது வேறு வகை. பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை வாங்குபவர் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று அதே சரக்கு விற்பனைச் சட்டம் சொல்கிறது. ஆனால் டெலிவரி ஆள் முன்னாலேயே பெட்டியைத் திறந்து காட்டும் முறையில் ஓ.டி.பி. சொன்னால், பார்த்தேன் சரியாக இருக்கிறது என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். திறக்காமலே எண்ணை வாங்கிக்கொண்டு போயிருந்தால், அதை அன்றைக்கே எழுதினால்தான் நம்புவார்கள்.

இன்னொன்று. திடீரென்று அந்தப் பையனே நாளைக் காலை பெட்டியோடு வந்து நிற்கவும் வாய்ப்பு உண்டு, அன்றைய கணக்கை முடிக்க முன்கூட்டியே க்ளோஸ் செய்திருக்கலாம். அப்போது கோபத்தில் வாங்காமல் அனுப்பிவிடாதீர்கள். ஆர்டர் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் நீங்கள் மறுத்தது எங்கும் பதிவாகாமல் போகலாம். வாங்குங்கள், மேலே இருக்கும் லேபிளில் தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோவாகத் திறப்பதை எடுங்கள், ஐ.எம்.இ.ஐ. பில்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போனால் எத்தனை மணிக்கு வந்தது என்று புகாரில் எழுதி, வங்கி டிஸ்ப்யூட்டையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.