பாகம் கேட்கக் காலக்கெடு உண்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: "இத்தனை வருடம் கழித்து பாகம் கேட்கலாமா?" பலர் தேதியே எழுதவில்லை. காலக்கெடு பற்றிக் கேட்பவர்கள் தேதியை விட்டுவிட்டால் நான் எதை வைத்துக் கணக்குப் போடுவது? இறந்த தேதி, கிரயத் தேதி, பாகம் இல்லை என்று மறுத்த தேதி, இந்த மூன்றும் இல்லாமல் இனி எழுத வேண்டாம்.

அப்பா உயில் எழுதாமல் இறந்து 25 வருடம் ஆகிறது. 12 வருடத்துக்குள் கேட்காததால் பங்கு போய்விட்டது என்கிறார் அண்ணன். உண்மையா? (விருத்தாசலம்)

இல்லை. அப்பா இறந்த நாளிலிருந்து 12 வருடம் எண்ணும் சட்டம் எதுவும் கிடையாது. கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவம் எல்லோருடைய அனுபவம். உங்களை வெளியே தள்ளியது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் கணக்கு.

2016-இல் வங்கிக் கடனுக்கு என்று சொல்லி அண்ணன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கினார். அது விடுதலைப் பத்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாம், அரியலூர்)

'பிறகு' என்றால் எப்போது? உங்கள் வழக்கே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது, அதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். நீங்களே கையெழுத்துப் போட்ட பத்திரத்தை ஒதுக்கிவிட்டு நேராகப் பாகம் கேட்க முடியாது. முதலில் அதை ரத்து செய்யக் கேட்க வேண்டும். அதற்கு 12 வருடம் இல்லை, மோசடி தெரிந்ததிலிருந்து 3 வருடம்தான். எப்போது, எப்படித் தெரிந்தது என்பதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. நகல் மனு போட்டு நகல் வாங்கிய தேதி, வில்லங்கச் சான்று எடுத்த தேதி ஆகியவை கைகொடுக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

அப்பா 1998-இல் காலமானார். அவர் கிரயம் வாங்கிய 6 ஏக்கர் நிலம், பிள்ளைகள் மூவர். தம்பி பயிர் செய்கிறான். 2011 வரை வருடா வருடம் நெல் மூட்டை கொடுத்தான், அப்புறம் நிறுத்திவிட்டான். பட்டாவும் அவன் பெயருக்கு மாறியிருக்கிறது. 2015, 2018, 2023 என்று மூன்று முறை வக்கீல் நோட்டீஸ் விட்டேன். நான்காவது விடலாமா? (முசிறி)

வேண்டாம் அம்மா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு பதறியது. நோட்டீஸ் காலக்கெடுவை நிறுத்தாது. பத்து நோட்டீஸ் விட்டாலும் ஓடுகிற காலம் ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கு தாக்கல் செய்த நாள்தான் கணக்கு.

முதலில் உங்கள் காலம் எப்போது ஓடத் தொடங்கியது என்று பார்ப்போம். 1998-இல் தொடங்கவில்லை. நெல் வந்தவரை தம்பி உங்கள் பங்கை ஒப்புக்கொண்டதாகவே பொருள். 2011-இல் நெல்லை நிறுத்தியது மட்டும் போதாது, அது மறுப்பு அல்ல. பட்டா மாற்றமும் போதாது. பட்டா வரி வசூலுக்கான பதிவு, அது மட்டும் உரிமையைத் தராது, பறிக்கவும் பறிக்காது. ஆனால் 2015 நோட்டீசுக்குத் தம்பி அனுப்பிய பதிலின் நகலை இணைத்திருக்கிறீர்கள். 'சீர் செய்தாயிற்று, நிலத்தில் உனக்குப் பாகம் கிடையாது, முழுதும் என்னுடையது' என்று எழுதியிருக்கிறார். தேதி 2015 ஜூன். வெளிப்படையான மறுப்பு, உங்கள் கைக்கும் வந்திருக்கிறது. அங்கிருந்து 12 வருடம் எண்ணினால் 2027 ஜூன். அதற்குள் வழக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். 2023 நோட்டீசிலிருந்து புதிதாக எண்ணலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

(அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம் என்பதால் காலவரையறைச் சட்டத்தின் 65-வது ஷரத்து. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் 110-வது. இரண்டிலும் 12 வருடம்தான்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பல வருடமாக என்னை உறுத்துவது இது. உங்கள் 2018 நோட்டீசில், 'கடந்த 20 வருடமாக எதிரி எங்களை நிலத்தில் காலடி வைக்கவிடாமல் விரட்டி அடித்து' என்று இருக்கிறது. யார் எழுதிக் கொடுத்தது? நடக்காததை உருக்கத்துக்காக எழுதிவிடுகிறார்கள். அந்த வரியைத் தம்பியின் வக்கீல் நீதிமன்றத்தில் காட்டி, '1998-லேயே வெளியேற்றப்பட்டதாக வாதியே சொல்கிறார், 2010-லேயே காலாவதி' என்பார். நீதிமன்றக் கட்டணத்திலும் அடி விழும். கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொல்ல முடிந்தால் சொற்பக் கட்டணம். வெளியேற்றப்பட்டதாகப் பிராதே சொன்னால், உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் ஏறக்குறைய 3 சதவீதம். பங்கு 40 லட்சம் பெறுமானால் ஒரு லட்சத்துக்கு மேல் போகும். பொய் சொல்லச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுதச் சொல்கிறேன். 2011 வரை நெல் வந்தது என்றால் அதை எழுதுங்கள். ஏற்றி வந்த வண்டிக்காரர் சாட்சி சொல்வாரா என்று பாருங்கள். பொங்கல் சீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீர் வேறு, விளைச்சல் பங்கு வேறு.

கெடு தாண்டினால், தம்பி அந்த வாதத்தை எடுக்காவிட்டாலும் நீதிமன்றமே பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது சட்டம். தாமதத்தை மன்னிக்கும் மனு மேல்முறையீட்டுக்கு உண்டு, வழக்குக்குக் கிடையாது. கடைசி மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே தாக்கல் செய்யுங்கள்.

அண்ணன் பொதுச் சொத்தில் ஒரு ஏக்கரை 2016-இல் தனியாக விற்றுவிட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கிரயத்தை ரத்து செய்ய வேண்டுமா? (திண்டிவனம்)

வேண்டாம். நீங்கள் கட்சியாக இல்லாத கிரயம் உங்கள் பங்கைக் கட்டுப்படுத்தாது. பாகப்பிரிவினை வழக்கிலேயே வாங்கியவரையும் பிரதிவாதியாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் வாங்கியவர் முழுவதும் தனக்கே என்று வேலி போட்டு உட்கார்ந்திருந்தால், அந்த ஏக்கருக்கு 12 வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2016-இல் சுவாதீனம் எடுத்திருந்தால் 2028. பிரிக்கும்போது நீதிமன்றம் பெரும்பாலும் விற்ற ஏக்கரை அண்ணன் பங்கிலேயே ஒதுக்கப் பார்க்கும், மீதி நிலம் போதுமானதாக இருந்தால். அவர் எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்த பிறகு போனால் அந்த வழியும் அடைந்துவிடும். வழக்கு போட்ட பிறகு விற்றால் வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். அதற்காகவாவது சீக்கிரம் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் பாருங்கள்.

2009-இல் மூன்றில் ஒரு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பு வாங்கிவிட்டோம். அதன்பின் எதுவும் செய்யவில்லை. 12 வருடம் தாண்டிவிட்டதே? (கோவில்பட்டி)

பயப்பட வேண்டாம். இறுதித் தீர்ப்பாணை கேட்கும் மனுவுக்குக் காலக்கெடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-இலேயே சொல்லியிருக்கிறது. மனு போட்டு, ஆணையர் நியமித்து, நிலத்தை அளந்து பிரிக்கச் சொல்லுங்கள். இறுதித் தீர்ப்பாணை வந்ததும் நிலை மாறும். அந்தத் தேதியிலிருந்து 12 வருடத்துக்குள் நிறைவேற்று மனு போட்டு நிலத்தைக் கையில் வாங்க வேண்டும். முத்திரைத்தாள் தாக்கல் செய்யத் தாமதமானது என்று சொல்லி நாளைத் தள்ளிப் போட முடியாது. எதிராளி இடையில் இறந்திருந்தால் வாரிசுகளைச் சேர்க்க மறக்காதீர்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.