காலடிக்கு ஏற்ற பாட்டு

கேள்வி: நாற்பது பேர் காலையில் ஒரு ஏரியைச் சுத்தம் செய்யப் போகிறோம். கூடுகிற இடத்திலிருந்து கரைக்கு ஒரு கிலோமீட்டர் நடை. நடந்துகொண்டே சேர்ந்து முழங்க ஒரு பாட்டு எப்படி எழுதுவது? நான் எழுதியதை யாரும் இரண்டாவது வரிக்கு மேல் சொல்லவில்லை.

பதில்:

எனக்கும் முதல் முறை இதுதான் நடந்தது. முந்தைய இரவு உட்கார்ந்து பன்னிரண்டு வரி எழுதினேன், அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்தேன். நூறு அடி நடப்பதற்குள் என் குரல் மட்டும்தான் கேட்டது. ஏரிக்குப் போனதும் முதலில் பொறுக்கிய குப்பை நான் கொடுத்த அந்தத் தாள்கள்தான்.

தாளில் பிழையில்லாமல் இருந்த வரி ரோட்டில் ஏன் விழுந்தது என்று யோசித்ததில் புரிந்தது இது. அதில் ஒரு வரி:

நீர்வளத்தைப் பாதுகாத்து நெகிழிகளை அகற்றிடுவோம்

வாசித்துப் பார்த்தால் குறையில்லை. நீர், நெகிழி என்று மோனைகூட இருக்கிறது. ஆனால் நடந்துகொண்டே சொன்னால் மூன்றாவது சொல்லில் கால் தடுக்கும். சிந்துப் பாட்டுகளில் எழுத்தெண்ணுவது போல மெய்யெழுத்தை விட்டுவிட்டு உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ணிப் பாருங்கள். நீர்வளத்தை நான்கு, பாதுகாத்து நான்கு. நெகிழிகளை ஐந்து, அகற்றிடுவோம் ஐந்து. நான்கு பேர் உட்காரும் இடத்தில் ஐந்தாவது ஆள் ஏறுகிறார். ஒருவர் தனியாகச் சொன்னால் அந்த ஐந்தாவதை விழுங்கிச் சமாளித்துவிடலாம். நாற்பது பேர் சொல்லும்போது ஆளுக்கு ஒரு விதமாக விழுங்குவார்கள். அங்கேதான் குரல் சிதறுகிறது.

ஆகவே கணக்கை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், சொல்லை அப்புறம் தேடலாம். சாக்கும் வாளியும் தூக்கிக்கொண்டு சாவகாசமாக நடக்கும் கூட்டம் நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வைக்கும். அதாவது ஓர் அடிக்கு 0.6 விநாடி. ஓர் அடிக்கு இரண்டு எழுத்து என்றால் வாய்க்கு வசதி, மூன்று என்றால் மூச்சு வாங்கும். அப்படியானால் நான்கெழுத்துச் சீர் ஒன்றுக்கு இடது கால், வலது கால் என்று இரண்டடி. நான்கு சீர் கொண்ட ஒரு வரி எட்டடியில், ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடும். சீரின் முதல் எழுத்து எப்போதும் இடது காலில் விழும். மூன்றெழுத்துச் சீர் வந்தாலும் பிரச்சினையில்லை, கடைசி நெடிலை இழுத்தால் நான்காவது இடம் நிரம்பிவிடும். குறைந்தால் இழுக்கலாம், மிகுந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நடுவில் ஒருமுறை கும்மி மெட்டிலும் முயன்றேன். கும்மியில் ஏழு சீர் சொல்லி எட்டாவது இடத்தை நீட்டலாகவோ மௌனமாகவோ விடுவார்கள். சுற்றி நின்று கைதட்டும்போது அந்தக் காலியிடத்தைத் தட்டு காப்பாற்றும். நடக்கும்போது கையில் சாமான் இருக்கிறது, யார் தட்டுவது? ஆளாளுக்கு அந்த இடத்தைத் தாண்டிக் குதித்தார்கள், அடுத்த வரி ஆளுக்கொரு காலில் ஆரம்பித்தது. மேளக்காரர் ஒருவர் கூட வந்தால் கும்மியை எடுங்கள். இல்லையென்றால் எட்டடியும் நிரம்பிய வரியே மேல்.

இரண்டாவது விஷயம், யார் எதைச் சொல்வது. எல்லா வரியையும் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததுதான் பெரிய தப்பு. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் மாறாத ஒரு சின்ன வரியைத் திருப்பிச் சொன்னால் போதும். அந்தப் பதில் வரிக்கு நான் முதலில் வைத்தது:

ஏரிக் கரை! எங்கள் கரை!

நான்கும் நான்கும். ஏ, எ என்று மோனையும் சரி. நாலடியில் முடிந்துவிடும், எடுத்துக்கொடுப்பவருக்கு மூச்சு வாங்க இரண்டரை விநாடி கிடைக்கும். ஆனால் வழியில் வாசலில் நின்று பார்த்த ஓர் அம்மா, "உங்க கரைன்னா நாங்க யாருப்பா?" என்று கேட்டுவிட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார், ஆனாலும் நியாயம். 'எங்கள்' என்றால் கேட்பவர் வெளியே, 'நம்ம' என்றால் அவரும் உள்ளே. அன்றைக்கே மாற்றினோம். மோனை போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், வேறு யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவதாக, எடுத்துக்கொடுக்கும் வரிகளில் என்ன வைப்பது? "இயற்கையைக் காப்போம்" என்பதைச் சொல்லிச் சொல்லி வாய்க்கே சலித்துவிட்டது. அதற்குப் பதிலாக அன்றைய வேலையின் விதிகளை வைத்தேன். கரையில் போய் நின்றுகொண்டு கையுறை போடுங்கள், கண்ணாடியைத் தொடாதீர்கள் என்று சொன்னால் பாதிப் பேர் ஏற்கெனவே தண்ணீர் ஓரம் போயிருப்பார்கள். அதையே வழியில் மூன்று தடவை தங்கள் வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்தால் கூட்டம் போட்டு விளக்க வேண்டிய வேலை குறையும்.

ஆனால் இங்கேயும் இடறினேன். முதலில் எழுதியது இது:

பாலித்தீனைக் கண்டவுடன் பைக்குள்ளே போட்டிடலாம்
கண்ணாடிச்சில் கண்டவுடன் கையைத்தூக்கிக் கூப்பிடலாம்

அளவு சரி, இயைபு சரி. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்ததுதான் வம்பு. எடுத்துக்கொடுத்த தம்பி இரண்டாவது சுற்றில் கண்ணாடிச்சில்லைப் பைக்குள்ளே போட்டுவிட்டான், பாட்டில்தான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்குப் பைக்குள் கண்ணாடி போனால் அதைத் தோளில் தூக்குகிறவர் முதுகு கிழியும். வாயால் சொல்லும் பாட்டில் ஒரே வடிவமுள்ள இரண்டு வரிகள் இடம் மாறிக்கொள்ளும். எது மாறினால் ஆபத்தோ அந்த வரியின் வடிவம் தனியாக இருக்க வேண்டும். அதனால் அதைக் கேள்வியாக்கி, பதிலையும் வேறாக்கினேன். விதியைக் கூட்டமே சொல்லும்படி ஆயிற்று.

இன்னொரு வரியில் "கோரைப்புல்லும் தாமரையும் குப்பையில்லே" என்று எழுதியிருந்தேன். கரையோரக் கோரையில் பறவை கூடு கட்டும், அதைக் களை என்று நினைத்துப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக. ஏரிகளைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "தாமரைன்னு சொன்னா ஆகாயத்தாமரையையும் விட்டுட்டு வருவாங்க" என்றார். தண்ணீரை மூடிப் பரவுகிற அந்தச் செடியை எடுப்பதே பல ஏரிகளில் முக்கால்வாசி வேலை. பாட்டில் பாதிப் பெயர் ஆபத்து என்று அப்போதுதான் தெரிந்தது. தாமரை போய் நாணல் வந்தது.

இப்போது நாங்கள் சொல்லும் வடிவம் இது. முதல் வரி ஒருவர், கோடிட்டது எல்லோரும்.

கையுறையை மாட்டிக்கிட்டு காலையிலே வந்தாச்சு
— ஏரிக் கரை! நம்ம கரை!

சாக்குப்பையும் தூக்கிக்கிட்டு சேர்ந்துநாம நடந்தாச்சு
— ஏரிக் கரை! நம்ம கரை!

பாலித்தீனைக் கண்டவுடன் பைக்குள்ளே போட்டிடலாம்
— ஏரிக் கரை! நம்ம கரை!

கண்ணாடிச்சில் கிடந்தாக்கா கையாலே தொடலாமா?
— தொட மாட்டோம்! தொட மாட்டோம்!

கோரைப்புல்லும் நாணலுமே குப்பையில்லே என்னசெய்வோம்?
— விட்டு வைப்போம்! விட்டு வைப்போம்!

கரை கண்ணில் பட்டதும் மட்டும்:

நீர்ப்பறவை கூடிருக்கு நம்மகுரல் தாழ்த்திடலாம்
— ஏரிக் கரை, நம்ம கரை (கிசுகிசுப்பாக)

அதற்குப் பிறகு பாட்டு இல்லை, காலடிச் சத்தம் மட்டும். நாற்பது பேர் கத்திக்கொண்டு போய் நின்றால் இருக்கிற பறவையெல்லாம் எழுந்துவிடும். அந்தக் கடைசி வரியை எழுதியதே பாட்டை நிறுத்துவதற்குத்தான்.

கரை வரி இல்லாத ஐந்து ஜோடிக்கு மொத்தம் 60 அடி, சுமார் 36 விநாடி. மூன்று சுற்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நடங்கள். ஒரு கிலோமீட்டர் முழுக்கச் சொன்னால் வேலை ஆரம்பிக்கும்போது தொண்டை கட்டியிருக்கும். வீடுகள் நெருக்கமாக உள்ள தெருவில் விடியற்காலையில் வேண்டாம். சாலையைக் கடக்கும்போதும் கட்டாயம் நிறுத்துங்கள். தாளத்தில் நடக்கிறவன் தாளத்தைத்தான் கவனிப்பான், வண்டியை அல்ல.

எடுத்துக்கொடுப்பவரை முன்னால் நிறுத்தாதீர்கள், இது பலர் செய்வது. முன்னால் பார்த்து நடப்பவரின் குரல் முன்னால்தான் போகும், பின்வரிசைக்கு அவர் முதுகுதான் தெரியும். இருவர் இருவராக நடந்தால் நாற்பது பேர் ஏறக்குறைய 30 மீட்டர் நீளம். நடுவில் ஒருவர் நின்று எடுத்துக்கொடுத்தால் இரு பக்கமும் 15 மீட்டர்தான், எல்லோருக்கும் கேட்கும். நூறு பேர் வந்துவிட்டால் வரிசை 75 மீட்டர் ஆகிவிடும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, ஆகவே தலையிலிருந்து வால் வரை போக 0.2 விநாடிக்கு மேல் எடுக்கும். அது ஓர் அடியில் மூன்றில் ஒரு பங்கு. பின்னால் இருப்பவர்கள் சரியாகச் சொன்னாலும் தாளம் தப்பினது போலவே கேட்கும். அப்போது இரண்டு கூட்டமாகப் பிரித்து நல்ல இடைவெளி விட்டு, கூட்டத்துக்கு ஒருவர் எடுத்துக்கொடுக்கட்டும்.

புறப்படும் முன் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து மூன்று பதில் வரிகளை மட்டும் சொல்லிக்கொடுங்கள். இரண்டு நிமிடம் போதும். எடுத்துக்கொடுப்பவர் வரிகளை யாருக்கும் கற்றுத்தர வேண்டாம், தாளும் வேண்டாம்.

மூன்றாவது, ஐந்தாவது ஜோடிகளை உங்கள் ஏரிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே எதை எடுக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று பொறுப்பாளரிடம் முதலில் கேளுங்கள். கேட்ட பெயரை விரல்விட்டு எண்ணுங்கள். நான்குக்குள் வராத பெயர் என்றால், தெருவில் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது நான்குக்குள் வந்துவிடும்.