வெல்லம் போட்டால் பால் திரிகிறதா? சண்டையை ஆரம்பிக்கும் முன் படியுங்கள்

கேள்வி: பாசிப்பருப்பு பாயசத்துக்குக் கொதிக்கிற பாலில் வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். ஒரே நிமிஷத்தில் திரிந்து போனது. பால் பாக்கெட்டில்தான் கோளாறு என்று கடைக்காரரிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். எங்கே புகார் கொடுப்பது?

முதலில் அந்தக் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அதே பால் அடுப்பில் தனியாகப் பொங்கியபோது திரியவில்லை அல்லவா? புளித்த பாலாக இருந்திருந்தால் வெல்லம் போடும் முன்பே திரிந்திருக்கும்.

பாலில் உள்ள கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. எல்லா உருண்டைகளுக்கும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒட்டாமல் நிற்கின்றன. புளிப்பு சேரச் சேர அந்தத் தள்ளல் குறைகிறது. பாலின் பி.எச் அளவு சுமார் 6.6. ஆறிய பால் திரள வேண்டுமானால் அது 4.6 வரை இறங்க வேண்டும், அதாவது தயிர் அளவுக்குப் புளிக்க வேண்டும். கொதிக்கிற பாலுக்கு அவ்வளவு புளிப்பு தேவையில்லை, கொஞ்சம் இறங்கினாலே போதும். வெல்லத்தில் அந்தக் கொஞ்சம் இருக்கிறது. நாக்குக்குத் தெரியாது, இனிப்பு மறைத்துவிடும். போதாததற்கு நீங்கள் கட்டியாகப் போட்டிருக்கிறீர்கள். கட்டி கரைகிற இடத்தில் மொத்தப் புளிப்பும் ஒரே இடத்தில் பாலைத் தாக்கும்.

புகாரில் என்ன எழுதுவீர்கள், "நான் அவசரப்பட்டேன்" என்றா?

கேள்வி: நான் வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, பச்சை வாசனை போகக் கொதிக்க வைத்துத்தான் பாலில் ஊற்றுகிறேன். அப்படியும் திரிகிறது. எங்கே தப்பு?

ஊற்றுகிற நேரத்தில். வடிகட்டுவதால் மண்ணும் தூசியும் வடிகட்டியில் நிற்கும், கொதிக்க வைப்பதால் பச்சை வாசனை போகும். புளிப்பு அங்கேயேதான் இருக்கும். கொதிக்க வைத்துப் புளிப்பை எடுக்க முடியாது, சூட்டைக் குறைக்க முடியும். அவ்வளவுதான் வித்தை.

நான் செய்வதைச் சொல்கிறேன். அரை கப் பாசிப்பருப்பை, அதாவது சுமார் 100 கிராம், வாசனை வர வறுத்து, குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். 150 கிராம் வெல்லத்தை அரை கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பருப்போடு சேர்த்து ஐந்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி எல்லாம் இப்போதே போட்டுவிடலாம். பிறகு அடுப்பை அணையுங்கள். அணைத்த அடுப்பின் மேலேயே வைக்காமல் பாத்திரத்தைக் கீழே இறக்கி வையுங்கள், அடிகனமான பாத்திரம் சூட்டை விடாது. கால் மணி நேரம் கழித்து ஒரு கரண்டி எடுத்து விரலில் தொட்டுப் பாருங்கள். விரலைச் சட்டென்று இழுத்துக்கொள்ளத் தோன்றினால் இன்னும் நேரம் இருக்கிறது.

ஒன்றரை கப் பாலை முன்னாலேயே காய்ச்சி முழுசாக ஆறவைத்திருக்க வேண்டும். அந்தப் பாலில் முதலில் ஒரு கரண்டி மட்டும் எடுத்துப் பருப்புப் பாகில் ஊற்றிக் கலக்குங்கள். வழவழப்பாக இருந்தால் மீதியையும் ஊற்றலாம். பால் சேர்ந்த பிறகு அடுப்பில் ஏற்றக் கூடாது. சூடாக வேண்டுமென்றால் பாத்திரத்தை வெந்நீரில் இறக்கி வையுங்கள். விருந்தாளிகள் மாலையில்தான் வருகிறார்களா? பால் ஊற்றாமல் பருப்பும் பாகுமாக எடுத்து வைத்து, பரிமாறும் நேரத்தில் பால் சேருங்கள்.

பருப்போ அரிசியோ நன்றாகக் குழைந்திருந்தால் அந்த மாவுச்சத்து கேசின் உருண்டைகளுக்கு இடையில் நின்று ஓரளவு காப்பாற்றும். வெந்தும் வேகாத பருப்பில் அந்த உதவி கிடைக்காது.

கேள்வி: பார்த்துப் பார்த்து, நல்ல பொன் மஞ்சளாக, கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அச்சு வெல்லம். அதுவும் பாலைத் திரித்துவிட்டது. விலை உயர்ந்த சரக்கே இப்படியா?

நிறத்துக்கு விலை கொடுத்தீர்கள், நிறம் கிடைத்துவிட்டது. வேறு என்ன எதிர்பார்த்தீர்கள்?

இந்த மஞ்சள் மோகத்தைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. கரும்புச்சாறு இயல்பிலேயே லேசான புளிப்பு உள்ளது. ஆலையில் காய்ச்சும்போது சுண்ணாம்பு சேர்த்து அந்தப் புளிப்பை முறிப்பார்கள், அழுக்கும் திரண்டு மேலே வரும். சுண்ணாம்பு கூடினால் வெல்லம் கறுக்கும், குறைந்தால் புளிப்பு மிஞ்சும். நாம் கறுத்த வெல்லத்தைத் தள்ளிவிட்டு வெளுத்ததைப் பொறுக்குகிறோம். காய்ச்சுகிறவர் என்ன செய்வார்? வியாபாரிகள் ஹைட்ராஸ் என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டைப் போட்டு வெளுக்க வைக்கிறார். அவரைத் திட்டுவதற்கு முன், கடையில் நின்று "இன்னும் கொஞ்சம் மஞ்சளா இல்லையா?" என்று கேட்டது யார் என்று யோசியுங்கள். கறுப்பு வெல்லமெல்லாம் யோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். பழசாகிக் கறுத்ததும் அதே தட்டில்தான் இருக்கும். எப்படிப் பார்த்தாலும், பாலைத் திரிக்குமா திரிக்காதா என்பதை நிறம் சொல்லாது.

வயதும் ஈரமும் கொஞ்சம் சொல்லும். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்த இடத்தில் நொதிக்கத் தொடங்கும், நொதித்தால் புளிப்பு ஏறும். இது எனக்குப் புத்தகம் சொல்லிக் கொடுத்ததல்ல. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு மொத்தக் கடையில் ஐந்து கிலோ மண்டை வெல்லம் வாங்கிச் சாக்குப்பையோடு வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து பிரித்தால் அடியில் பாகாக வழிந்து, கள் வாடை அடித்தது. மேலே இருந்தது நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைப் பாயசத்துக்கு எடுத்தேன். ஒன்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருக்க, அரை லிட்டர் பால் கண்ணெதிரே திரிந்தது.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புதுக் கடையிலோ புது மூட்டையிலோ முதலில் கால் கிலோதான் வாங்குவேன். ஒரு துண்டைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, இரண்டு ஸ்பூன் பாகை ஒரு டம்ளரில் எடுத்துக்கொள்வேன். அதில் கொதிக்கிற பால் நான்கு ஸ்பூன். ஐந்து நிமிஷம் கழித்து டம்ளரைச் சாய்த்துப் பார்த்தால், ஓரத்தில் பொடிப்பொடியாக ஒட்டி, அடியில் தெளிந்த நீர் தனியாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நின்றால் அந்த வெல்லம் அதிரசத்துக்குப் போகும், தண்ணீரில் செய்கிற பொங்கலுக்குப் போகும். நிற்காவிட்டால் மீதி இரண்டு கிலோவையும் அதே மூட்டையிலிருந்து வாங்குவேன்.

இந்தச் சோதனைக்கு முன்னால் பி.எச் காகிதம் ஒரு கட்டு வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பழுப்பு நிறப் பாகில் முக்கினால் காகிதமும் பழுப்பாகிவிடுகிறது. எந்த நிறத்தோடு ஒப்பிடுவது? கட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

கேள்வி: பாகில் சமையல் சோடா போட்டால் திரியாது என்கிறார்களே?

திரியாதுதான். புளிப்பை முறிக்கும். கால் கிலோ வெல்லத்துக்கு இரண்டு விரலில் அள்ளுகிற சிட்டிகை, அதுவும் பாலில் அல்ல, பாகில். போட்டதும் நுரைத்தால் பயப்பட வேண்டாம், சூடான பாகில் புளிப்பு இல்லாவிட்டாலும் சோடா நுரைக்கும். கை கூடினால் பாயசம் கறுத்துச் சோப்பு வாடை வரும். அதற்கு மருந்து கிடையாது. வெல்லம் திரிக்கும் என்று முன்பே தெரிந்தும் வேறு வழியில்லாத நாளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் "கலப்பில்லாத பனங்கருப்பட்டி" என்று இரண்டு கிலோ வாங்கினேன். கரும்பு வெல்ல வாசனைதான் வருகிறது, பாயசமும் திரிந்தது. திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் ஆமாம். பனை விலைக்குக் கரும்புச் சர்க்கரையை விற்பது பழைய மோசடி. வீட்டில் கரைத்துப் பார்த்து உறுதியாகக் கண்டுபிடிக்கவும் முடியாது, அதனால் உங்கள் மேல் குற்றமில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். புகாரில் "பாயசம் திரிந்தது" என்று எழுத வேண்டாம். அசல் கருப்பட்டியும் கொதிக்கிற பாலைத் திரிக்கக்கூடும், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நழுவிவிடுவார்கள். "விளம்பரத்தில் சொன்ன பொருள் வரவில்லை" என்று எழுதுங்கள். விற்பனைப் பக்கத்தின் படம், பில், பாக்கெட்டின் முன்பக்கம் பின்பக்கம் எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் புகாரில் சேருங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மீதிக் கருப்பட்டியைத் தீர்த்துவிடாதீர்கள். பிரிக்காத ஒரு பாக்கெட்டாவது கையில் இருக்கட்டும், பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டி வரலாம்.

கேள்வி: தேங்காய்ப் பால் ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லைதானே?

இருக்கிறது, வேறு காரணத்துக்கு. கெட்டியான முதல் பால் கொதித்தாலே எண்ணெய் பிரிந்து திரிதிரியாகும். வெல்லத்தை இரண்டாம், மூன்றாம் பாலில் கொதிக்க விட்டு, முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள்.

கேள்வி: திரிந்த பாயசத்தைக் கொட்டிவிட வேண்டுமா?

பால் நல்ல பாலாக இருந்து வெல்லத்தால் மட்டும் திரிந்திருந்தால் சாப்பிடலாம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆறவைத்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் பருப்புப் பாயசத்தில் பாதி மறைந்துவிடும். சேமியா பாயசத்தில் இதை முயன்றேன், கூழாகிவிட்டது. புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

கேள்வி: ஆறவைக்க எல்லாம் எனக்குப் பொறுமை இல்லை. பாலையும் இனிப்பையும் ஒன்றாகப் போட்டு ஒரே கொதியில் முடிக்க வழி உண்டா?

உண்டு. சர்க்கரை வாங்குங்கள்.